எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது: சரக்கு இருப்பு பற்றிய கேள்விகள்

கேள்வி: வருஷத்துக்கு 3600 அட்டைப்பெட்டி தேவை. பெட்டி ஒன்று 20. ஒரு தடவை வாங்க வண்டி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து 200 ஆகிறது. இருப்பு வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு விலையில் 20% என்கிறார் கணக்காளர். வருஷச் சரக்கை ஒரேயடியாக எடுத்தால் 2% தள்ளுபடி என்றார்கள், எடுத்துவிட்டேன். லாபம்தானே?

பதில்: நஷ்டம். இவ்வளவு விவரம் கையில் இருந்தும் வாங்கிய பிறகு கேட்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் தள்ளுபடியை மறந்துவிடுவோம். ஒரு பெட்டியை ஒரு வருஷம் வைத்திருந்தால் 4 செலவு (20-ல் 20%). சிக்கன ஆர்டர் அளவு, அதாவது எல்லோரும் ஈஓக்யூ என்கிறார்களே, அதற்கான கணக்கு இவ்வளவுதான்:

```
√(2 × 3600 × 200 ÷ 4) = √360000 = 600
```

தடவைக்கு 600 பெட்டி, வருஷத்துக்கு 6 தடவை. வாங்கும் செலவு 6 × 200 = 1200. சரக்கு 600-லிருந்து பூஜ்யம் வரை குறைந்துகொண்டே போவதால் சராசரியாக 300 பெட்டி கிடங்கில் இருக்கும், அதற்கு 300 × 4 = 1200. இரண்டு செலவும் சமமாக வருகிற இடம்தான் மிகக் குறைந்த செலவு. மொத்தம் 2400.

இப்போது நீங்கள் செய்ததைப் பார்ப்போம். தள்ளுபடியில் மிச்சம் 1440. ஆறு தடவைக்குப் பதில் ஒரே தடவை வாங்கியதில் மிச்சம் 1000. ஆக 2440, விற்க வந்தவர் இதைத்தான் காட்டியிருப்பார். ஆனால் சராசரி இருப்பு 300-லிருந்து 1800 ஆகிவிட்டது. பெட்டி 19.60 என்றே வைத்தாலும் ஆண்டுக்கு ஒன்றுக்கு 3.92, மொத்தம் 7056. முன்பு 1200 இருந்த செலவு 5856 கூடிவிட்டது. கூட்டிக் கழித்தால் உங்கள் கையை விட்டுப் போனது 3416.

இந்தத் தள்ளுபடி விஷயத்தில் எனக்குத் தனியாகவே கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம் ஒட்டுப்பசையை 10% குறைகிறதே என்று ஒரு வருஷத்துக்கும் சேர்த்து வாங்கினேன், மூடி திறக்காத வரை கெடாது என்று வாய் நிறையச் சொன்னார்கள். ஏழாவது மாதம் ஒரு டப்பாவைத் திறந்தால் மேலே தோல் மாதிரி படிந்திருக்கிறது, கரண்டியைக் குத்தினால் உள்ளே இறங்கவில்லை. அடுத்த டப்பாவும் அப்படியே. மிச்சமிருந்ததில் பாதியைத் தூக்கிப் போட்டேன், விற்றவர் போனை எடுக்கவே இல்லை. 1913-ல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் எழுதிய இந்தச் சூத்திரத்துக்குப் பொருள் கெட்டுப்போகும் என்பது தெரியாது, அதிகம் வாங்கினால் விலை குறையும் என்பதும் தெரியாது. அந்த இரண்டையும் நாம்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கெடும் பொருளுக்கு, காலாவதிக்குள் செலவாகிற அளவுதான் உச்சவரம்பு, சூத்திரம் எதைச் சொன்னாலும் சரி.

அடுத்த முறை பேரம் பேசப் போகும்போது ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் கணக்குப்படி வருஷச் சரக்கை ஒன்றாக எடுக்க 6.3 சதவீதத்துக்கு மேல் குறைத்தால்தான் லாபம். அரை வருஷச் சரக்கு, அதாவது 1800 எடுக்க 2.1 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். அதனால் அவர்கள் சொல்கிற அளவுக்குத் தலையாட்டாமல், 1800-க்கு 3% தருவார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: ஈஓக்யூவும் மறு ஆர்டர் நிலையும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முதலாவது எவ்வளவு வாங்குவது, இரண்டாவது எவ்வளவு மிச்சமிருக்கும்போது ஆர்டர் போடுவது.

கேள்வி: நானும் பெட்டிதான் வாங்குகிறேன், நாளுக்குச் சராசரியாக 12 செலவாகும். 5 நாளில் சரக்கு வரும் என்று விற்பவர் எழுதியே கொடுத்தார். அதை நம்பி 60 மிச்சமிருக்கும்போது ஆர்டர் போட்டேன். 11-வது நாள்தான் வந்தது, ஆறு நாள் வேலை நின்றது. தப்பு என்னுடையதா?

பதில்: உங்களுடையது இல்லை. எழுத்தில் கொடுத்த நாளை ஒருவர் நம்பத்தான் செய்வார். அந்தத் தாளோடு போய் நஷ்டத்தைக் கேளுங்கள், அடுத்த பில்லில் கழிக்கவாவது சொல்லுங்கள்.

ஆனால் இனிமேல் அவர் வாக்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பழைய பில்களை எடுங்கள். ஆர்டர் போட்ட தேதி, சரக்கு வந்த தேதி, இரண்டையும் கடைசி ஆறு தடவைக்கு எழுதுங்கள். உதாரணமாக 5, 6, 5, 11, 6, 9 என்று வந்தால் சராசரி 7 நாள், அதிகபட்சம் 11. செலவிலும் சராசரி 12 என்றால் பரபரப்பான நாளில் 18 வரை போகலாம். மறு ஆர்டர் நிலை என்பது அதிகபட்சச் செலவு பெருக்கல் அதிகபட்ச நாள்: 18 × 11 = 198.

198 பெட்டி மிச்சமிருக்கும்போதே ஆர்டரா என்று மலைப்பாக இருக்கும். சராசரியாகப் பார்த்தால் 12 × 7 = 84 தான் செலவாகும், மீதி 114 காப்பு இருப்பு. மேலே எழுதியவரைப் போல உங்களுக்கும் பெட்டிக்கு 4 செலவென்றால், அதை வருஷம் முழுக்க வைத்திருக்க 456 ஆகும். ஆறு நாள் வேலை நின்றதில் போனதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், 18-ம் 11-ம் ஒன்றாக வருவது அபூர்வம் என்பதால் கெடும் பொருளுக்கும் விலை அதிகமான பொருளுக்கும் இவ்வளவு காப்பு வேண்டாம், குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இருப்பு 198-க்குக் கீழே போனதும் 600 ஆர்டர் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இன்னும் கீழேதான் இருந்தது, மறுபடி 600 போட்டேன். இப்போது வைக்க இடமில்லை.

பதில்: வந்துகொண்டிருக்கிற 600-ஐ ஏன் எண்ணவில்லை? கையிருப்போடு, ஆர்டர் போட்டு இன்னும் வராததையும் கூட்டி, அந்த மொத்தத்தைத்தான் 198-உடன் ஒப்பிட வேண்டும். அலமாரியை மட்டும் எட்டிப் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. ஆர்டர் போட்ட அன்றே அந்த அலமாரியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், சரக்கு வந்ததும் கிழியுங்கள்.

கேள்வி: ஈஓக்யூ 600, மறு ஆர்டர் நிலை 198. ஆனால் என் இடத்தில் 700 பெட்டிதான் கொள்ளும். கணக்கை மீறினால் நஷ்டம் வருமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே நன்றி. ஆர்டர் போட்ட பிறகு செலவு மந்தமாகி (நாளுக்கு 8 என்று வையுங்கள்) சரக்கும் 5 நாளிலேயே வந்துவிட்டால் 198-ல் 40 தான் குறைந்திருக்கும். அதோடு 600 சேர்ந்தால் 758, இடம் போதாது. 540 வாங்கினால் 698, அடங்கிவிடும்.

நஷ்டம் எவ்வளவு தெரியுமா? முதல் கடிதத்தில் இருக்கிற செலவுகளே உங்களுக்கும் என்றால் 2400-க்குப் பதில் 2413. வருஷத்துக்கு 13 தான். ஈஓக்யூவைச் சுற்றி செலவு அவ்வளவு மெதுவாகத்தான் ஏறும், 600-க்குப் பதில் 1200 வாங்கினால்கூட 2400 என்பது 3000 ஆகும், அதாவது 25% கூடும். ஆகவே 540 தாராளமாக வாங்குங்கள். அந்த 198-ல் மட்டும் கை வைக்காதீர்கள்.