பேங்க், பேட், பில்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பயிற்சிக்குக் கொடுத்த பத்தி ஒன்றில், ஒரு சிறுமி 'பேங்க்'கில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் நனைக்கிறாள் என்று வருகிறது. பாதி வகுப்பு அதை வங்கி என்றே எழுதியது. பேட், பில் என்று இப்படி இன்னும் எத்தனையோ சொற்கள். எல்லா அர்த்தங்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதா? வாக்கியத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி உண்டா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எப்படித் தடுமாறாமல் படிக்கிறார்கள்?

மீனா, கரூர்

அன்புள்ள மீனா,

பேங்க், பேட், பில் மூன்றுமே உங்கள் மாணவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த சொற்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழுக்குள் வரும்போது இவை தம்முடைய எல்லா அர்த்தங்களையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. பேங்க் என்றால் பணம் போடும் இடம், பேட் என்றால் கிரிக்கெட் மட்டை, பில் என்றால் கடையில் தரும் சீட்டு. ஆற்றங்கரை, வௌவால், பறவையின் அலகு ஆகியவை ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே அந்தப் பிள்ளைகள் இரண்டு அர்த்தங்களில் தவறானதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்க அவர்களிடம் இருந்ததே ஒன்றுதான். இரண்டாவது அர்த்தம் உண்டு என்பதை ஒருமுறையாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அதைச் சூழல் கற்றுத்தராது. சூழலின் வேலை அதற்குப் பிறகு.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு மொழி உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல விளக்கம். ஒரு கட்டடத்தின் அறையில் சிலந்தி, கரப்பான்பூச்சி, அப்புறம் வேறு சில 'பக்ஸ்' இருந்தன என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கேட்க வைத்தார். 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். இந்த வாக்கியத்தில் பூச்சிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தச் சொல் காதில் விழுந்த கணமே திரையில் சில எழுத்துகள் தோன்றும், அது ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று சட்டென்று சொல்ல வேண்டும். தொடர்பே இல்லாத 'தைத்தல்' என்ற சொல்லைவிட 'எறும்பு' வேகமாக அடையாளம் காணப்பட்டது. அதில் வியப்பில்லை. ஆனால் 'உளவாளி' என்ற சொல்லும் அதே மாதிரி வேகமாக வந்தது! மூன்று அசைகள் கழித்துச் சோதித்தபோது எறும்புக்கு மட்டுமே அந்த வேகம் இருந்தது, உளவாளி மறைந்துவிட்டான்.

அதாவது சூழல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மனம் முதலில் இரண்டு அர்த்தங்களையும் திறக்கிறது, ஒரு நொடி முடிவதற்குள் பொருந்தாததை மூடிவிடுகிறது. தாய்மொழிக்காரர்களும் தடுமாறுகிறார்கள், அது அவர்களுக்கே தெரியாத அளவுக்குச் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. 1988இல் டஃபி, மோரிஸ், ரெய்னர் ஆகியோர் படிப்பவர்களின் கண் அசைவை அளந்து இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரு அர்த்தம் மிகப் பரவலாகவும் இன்னொன்று அரிதாகவும் உள்ள சொல் என்றால், முன்னால் வந்த சூழல் அரிய அர்த்தத்தையே சுட்டினாலும் கண் அந்தச் சொல்லில் கூடுதல் நேரம் நிற்கிறது. பழகிய அர்த்தம் அவ்வளவு சுலபமாக வழிவிடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு வங்கி எவ்வளவு பழகிய அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, வாக்கியத்தில் எதைப் பார்க்கச் சொல்வது? பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொற்களைப் பார்த்து ஊகிக்கலாம் என்றுதான் பலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'மீனவர் வலை வாங்க பேங்க்கில் கடன் கேட்டார்' என்ற வாக்கியத்தில் மீனவர், வலை என இரண்டு சொற்கள் ஆற்றங்கரைப் பக்கம் இழுக்கின்றன. கடன் என்ற ஒரே சொல் அவற்றைத் தோற்கடிக்கிறது. ஏனென்றால் கடன் கேட்பது அந்த இடத்தில் நடக்கும் செயல், மீனவர் அங்கே போன ஆள் மட்டும்தான். எது அருகில் இருக்கிறது என்பதைவிட, எந்தச் சொல் பேங்க்கோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

உங்கள் பத்தியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'ஷி சேட் ஆன் த பேங்க்' என்று இருந்திருக்கும். 'ஆன்' என்ற சின்னச் சொல்லே பாதி வேலையை முடித்துவிடுகிறது. வங்கிக்குள் இருப்பவரை 'இன் த பேங்க்' அல்லது 'அட் த பேங்க்' என்பார்கள், கரைமேல் இருப்பவரைத்தான் 'ஆன் த பேங்க்' என்பது வழக்கம். தமிழில் எல்லாமே 'பேங்க்கில்' என்று ஆகிவிடுவதால் மொழிபெயர்த்தபடியே படிக்கும் மாணவனுக்கு இந்தத் துப்பு முதலிலேயே தொலைந்துபோகிறது. தண்ணீர் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அவன் வங்கியை எழுதி முடித்திருப்பான். அதனால் முற்றுப்புள்ளி வரும்வரை பேனாவை எடுக்காதே என்று சொல்லுங்கள்.

பேட் இன்னும் நுட்பமானது. 'பேட் அறைக்குள் பறந்தது' என்றால் வௌவால். 'பேட் அவன் கையிலிருந்து பறந்தது' என்றால் பெரும்பாலும் மட்டை. வினை இரண்டிலும் ஒன்றே, ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் 'ஃப்ளூ' என்றே வரும். பறந்தது என்றவுடன் வௌவால் என்று முடிவுகட்டினால் இரண்டாவது வாக்கியம் கவிழ்த்துவிடும். எங்கிருந்து, எங்கே என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும்.

பில்லுக்கு முன்னால் யாருடையது என்று வந்தால் அதைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். வாத்தின் பில் என்றால் அலகு, மருத்துவரின் பில் என்றால் கட்டணச் சீட்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றும் பில் மசோதா, அமெரிக்காவில் பத்து டாலர் பில் என்பது நோட்டு. இந்தக் கடைசி மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முத்திரையைக் குறிக்கும் 'புல்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, எழுதிய தாளைக் குறித்த ஒரே சொல்லின் கிளைகள் அவை. அலகைக் குறிக்கும் பில் பழைய ஆங்கிலத்தின் வேறொரு சொல், ஒலி மட்டும் ஒத்துப்போய்விட்டது. நல்ல அகராதிகள் இந்த இரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாக எண் போட்டுக் கொடுக்கும். பட்டியல் போடுவதென்றால் அந்த எண்கள் அளவுக்குப் போடுங்கள், போதும்.

எந்தத் துப்பும் இல்லாத வாக்கியங்களும் உண்டு. 'நாங்கள் பேங்க் வரை நடந்தோம்' என்பதை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. முந்தைய வாக்கியத்தைத் தேடிப் போக வேண்டும். வினாத்தாளில் அப்படித் தனி வாக்கியமாக வந்தால் பிழை கேள்வியில் இருக்கிறது, அதற்கு மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. பேங்க் உள்ள வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகக் கையால் மறைத்துக் கேளுங்கள்: 'இதை எடுத்துவிட்டால் இன்னமும் கரை என்று தெரிகிறதா?' எந்தச் சொல்லை மறைத்ததும் குழப்பம் வருகிறதோ அதைப் பிள்ளைகளே அடிக்கோடிடட்டும். உங்கள் சிறுமியின் வாக்கியத்தில் 'ஆன்' மறைந்தாலும் தண்ணீர் காப்பாற்றும், தண்ணீர் மறைந்தாலும் 'ஆன்' காப்பாற்றும். மீனவர் வாக்கியத்தில் மீனவரையும் வலையையும் மறைத்தாலும் ஒன்றும் ஆகாது, கடனை மறைத்தால் எல்லாம் போய்விடும்.