விடுப்பில் இருப்பவரின் வேலைகளை மாற்றித் தரச் சொல்லி மேனேஜருக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் மென்பொருள் டீமில் மூத்தவர் ஒருவர் போன வாரம் முதல் நீண்ட மருத்துவ விடுப்பில் இருக்கிறார். அவருடைய வேலைகள் எல்லாம் அவர் பெயரிலேயே நிற்கின்றன. வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வேலைகளை மற்றவர்களுக்குப் பிரித்துத் தரும்படி மேனேஜருக்கு மெயில் எழுத வேண்டும், ஒவ்வொன்றின் இப்போதைய நிலையும் அதில் இருக்க வேண்டும். அவரைக் குறை சொல்வதுபோல் தெரியாமல் எப்படி எழுதுவது?

பதில்: மெயிலை எழுத அதிக நேரம் ஆகாது. அதற்கு முன் ஒவ்வொரு வேலையும் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள். இந்த மாதிரி மெயில்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. டிராக்கரில் இருப்பதை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மேனேஜரும் அதை நம்பிப் பிரித்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டவர் திறந்து பார்க்கும்போதுதான் நிலைமை வேறு என்று தெரியவருகிறது.

முதலில் அவர் பெயரில் திறந்திருக்கும் வேலைகளை எடுங்கள். ஜிரா பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்தத் தேடல் போதும். மேற்கோளுக்குள் ஜிராவில் உள்ள அவருடைய முழுப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
assignee = "முழுப் பெயர்" AND statusCategory != Done ORDER BY due ASC
```

வருகிற பட்டியலில் பல வேலைகளுக்கு நேரே 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற குறி இருக்கும். அதை நம்பாதீர்கள். முதல் நாள் திறந்துவிட்டு அப்புறம் தொடாத வேலைக்கும் அதே குறிதான். முக்கால்வாசி முடிந்த வேலைக்கும் அதேதான். நம் பக்கம் முடிந்து வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பதற்கும் அதேதான். ஏற்று நடத்தப்போகிறவருக்கு இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். அதனால் ஒவ்வொன்றையும் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கோப்பில் கடைசியாக என்ன மாறியது, கடைசிக் கடிதம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, அடுத்து யார் என்ன செய்தால் வேலை நகரும்.

ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம். ஒரு வாடிக்கையாளரின் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை. டிராக்கரில் '70 சதவீதம்' என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால், சோதனைத் தளத்தில் தரவை ஏற்றி, சரிபார்க்கச் சொல்லி 1-ஆம் தேதி வாடிக்கையாளருக்கு மெயில் போயிருக்கிறது. இதை வைத்து 'வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்' என்று எழுதத் தோன்றும். அவருடைய மெயில் பெட்டி உங்களுக்குத் தெரியாது என்பதால் வாடிக்கையாளரையே போனில் கேட்கிறீர்கள். பிழையான 11 வரிகளைக் குறித்து 6-ஆம் தேதியே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் காத்திருப்பது நாம் அல்ல, அவர்கள். அந்த ஒரு போன் இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சதவீதத்தை மெயிலில் எழுதவே வேண்டாம் என்பேன். மீதி 30 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று அதைப் போட்டவருக்குத்தான் தெரியும், அவர் இப்போது இல்லை. செய்து முடித்தது, மிச்சம் உள்ளது, யாருக்காகக் காத்திருப்பது, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதினால் யாரும் அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது, டிராக்கரில் இல்லாத வேலைகள். மூத்தவர் என்கிறீர்கள், அப்படியென்றால் இவை கட்டாயம் இருக்கும். மாதாமாதம் அவர் அனுப்பும் அறிக்கை, அவர் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒப்புதல்கள், அவர் பெட்டிக்கு மட்டும் வரும் புதுப்பித்தல் நினைவூட்டல்கள், அவர் ஒருவரே அட்மினாக இருக்கும் கணக்குகள். கடந்த மூன்று மாத டீம் காலண்டரையும், டீமுக்கு அவர் அனுப்பிய மெயில்களையும் புரட்டினால் திரும்பத் திரும்ப வருபவை பிடிபடும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்பதை பிரவுசரிலேயே பார்த்துவிடலாம். இந்த வகை வேலைகளைப் பற்றி யாரும் கேட்டு வரமாட்டார்கள், நின்றுபோன பிறகுதான் தெரியும். அதனால் இவைதான் அவசரப் பட்டியலில் மேலே வரும்.

தேடும்போது ஒரு எல்லை உண்டு. அவருடைய பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், முன்பு அவரே கொடுத்திருந்தாலும், அதை வைத்து உள்ளே போகாதீர்கள். மெயில் பெட்டிக்கான அனுமதியை மேனேஜர் மூலம் ஐடி பிரிவிடம் கேட்பதே முறை. 'ஒரே ஒரு டவுட்' என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும் வேண்டாம். உடம்புக்கு முடியாதவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்துவிடுவார். அவரிடம் மட்டுமே பதில் இருக்கும் கேள்வி என்றால் அதை மெயிலில் எழுதுங்கள், கேட்கலாமா என்று மேனேஜர் முடிவு செய்யட்டும்.

யார் பெயரையாவது பரிந்துரைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். மேனேஜரின் மெயிலில் தன் பெயரைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்று யாருக்கும் ஆகக்கூடாது.

இப்போது மெயில். தலைப்பில் அவர் பெயரும் வேண்டாம், 'மருத்துவம்' என்ற சொல்லும் வேண்டாம். மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது மூலையில் எட்டிப் பார்ப்பது தலைப்புதான்.

> பொருள்: 5 வேலைகளுக்குத் தற்காலிகப் பொறுப்பாளர் – 11-ஆம் தேதிக்குள் ஒப்புதல் தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> நம் டீமில் விடுப்பில் இருப்பவரின் பொறுப்பில் உள்ள ஐந்து வேலைகளுக்குத் தற்காலிகமாகப் பொறுப்பாளர் தேவை. முதல் இரண்டுக்கு இந்த வாரமே முடிவு வேண்டும். கீழே உள்ள நிலவரம் 9-ஆம் தேதி காலை நான் நேரில் சரிபார்த்தது. உறுதி செய்ய முடியாததை அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.
>
> 1. இணையதளச் சான்றிதழ் (டிராக்கரில் இல்லை): 15-ஆம் தேதி காலாவதியாகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்றா என்று தெரியவில்லை. கணக்கின் அட்மின் உரிமை அவரிடம் மட்டும் உள்ளது. ஐடி பிரிவு இன்னொரு அட்மினைச் சேர்க்க வேண்டும். பரிந்துரை: சர்வர் பொறுப்பாளர். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்தார்.
>
> 2. வாடிக்கையாளர் தரவு மாற்றம்: சோதனைத் தளத்தில் தரவு ஏற்றப்பட்டுள்ளது. வாடிக்கையாளர் 11 வரிகளில் திருத்தம் கேட்டு 6-ஆம் தேதி எழுதியிருக்கிறார், அதற்குப் பதில் போக வேண்டும். திருத்தி மீண்டும் ஏற்ற இரண்டு நாள் ஆகும். பரிந்துரை: நான்.
>
> 3. மாதாந்திர அறிக்கை (டிராக்கரில் இல்லை): 20-ஆம் தேதி போக வேண்டும். போன மாத அறிக்கையும் வார்ப்புருவும் பொதுக் கோப்புறையில் உள்ளன. பரிந்துரை: நான்.
>
> 4. பில் பக்கப் பிழைத் திருத்தம்: கோட் எழுதி முடிந்து ரிவ்யூவில் உள்ளது. ரிவ்யூ செய்தவர் 2-ஆம் தேதி கேட்ட இரண்டு மாற்றங்கள் பாக்கி. பரிந்துரை: ரிவ்யூ செய்தவரே முடிக்கட்டும், வேறொருவர் ரிவ்யூ செய்யட்டும். இருவரும் சம்மதித்தனர்.
>
> 5. பயனர் கையேடு: தலைப்புகள் மட்டும் உள்ளன, உள்ளடக்கம் தொடங்கவில்லை. பரிந்துரை: அடுத்த வெளியீடு வரை நிறுத்திவைக்கலாம்.
>
> உங்களிடம் மூன்று முடிவுகள் வேண்டும்:
> அ) மேலே உள்ள பெயர்கள் சரியா?
> ஆ) 1-ஆம் வேலைக்கு இன்னொரு அட்மினைச் சேர்க்கவும், அவர் மெயிலுக்குத் தானியங்கிப் பதில் வைக்கவும், புது மெயில்கள் டீம் முகவரிக்கும் வரவும் ஐடி பிரிவிடம் சொல்ல முடியுமா?
> இ) 2-ஐயும் 3-ஐயும் நான் எடுத்தால் என் தேடல் பக்க வேலை 15-இலிருந்து 22-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். அது பரவாயில்லையா?
>
> அவர் திரும்பி வந்ததும் எவற்றை மீண்டும் அவரிடம் கொடுப்பது என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.
>
> நன்றி.

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். வரிசை அவசரப்படி போகிறது. அவசரமில்லாதவை கடைசியில் வருகின்றன. மேனேஜர் பாதியில் நிறுத்தினாலும் அவசரமானவற்றைப் படித்திருப்பார். 'தெரியவில்லை' என்று ஒரு இடத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஊகித்து எழுதிய ஒரு வரி தப்பென்று தெரிந்தால் மற்ற நான்கு வரிகளையும் நம்பமாட்டார்கள். ஐந்தாவது வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. விடுப்பில் போனவரின் எல்லா வேலையையும் யாராவது சுமந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நிறுத்திவைக்கலாம் என்று நீங்கள் சொன்னால்தான் மேனேஜருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியும்.

உங்கள் சொந்த வேலை எத்தனை நாள் தள்ளும் என்ற வரியைக் கூச்சப்பட்டு நீக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், எல்லாவற்றையும் பழைய தேதிக்குள்ளேயே முடிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

குறை சொல்வதுபோல் தெரியக்கூடாது என்றீர்களே, அது பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் இருக்கிறது. 'வாடிக்கையாளர் மெயில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது' என்றால் கவனிக்காதது யார் என்ற கேள்வி தானாக எழும். '6-ஆம் தேதி எழுதியிருக்கிறார், பதில் போக வேண்டும்' என்றால் அடுத்த வேலை என்ன என்பது மட்டும் தெரியும். ஏன் இப்படி ஆனது என்று விளக்கும் வாக்கியங்களையும், 'ஏற்கெனவே', 'இன்னும்கூட', 'வழக்கம்போல' போன்ற சொற்களையும் நீக்கிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மெயிலில் ஒன்றும் குறைந்திருக்காது.

அவருடைய நோய், சிகிச்சை, எப்போது திரும்புவார் என்ற உங்கள் கணிப்பு எதுவும் இதில் வரக்கூடாது. மேனேஜருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் இந்த மெயில் ஐடி பிரிவுக்கும் மற்ற டீம்களுக்கும் ஃபார்வர்டு ஆகும். 'விடுப்பில் இருக்கிறார்' என்பதே எல்லோருக்கும் போதும். வாடிக்கையாளருக்கும் அதே சொல்தான்: விடுப்பில் இருக்கிறார், இனி இந்த வேலைக்கு நான் தொடர்பில் இருப்பேன்.

மெயில் மேனேஜருக்கு மட்டும் போகட்டும். டீமை நகலில் சேர்த்தால் அவர் முடிவெடுப்பதற்கு முன்பே ஆளாளுக்கு விவாதிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒப்புதல் வந்த அன்றே டிராக்கரில் பெயர்களை மாற்றி, மெயிலில் எழுதிய நிலவரத்தை அந்தந்த வேலையின் கீழ் குறிப்பாகப் போடுங்கள். பழைய பொறுப்பாளருக்கு அறிவிப்புகள் போகாதபடி அவரை அந்த வேலைகளின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருடைய போன் ஒலிக்கும். அவர் பாதியில் விட்ட கோப்புகளின் மேல் எழுதாமல் நகலெடுத்து வேலை செய்யுங்கள். 11-ஆம் தேதி மாலைவரை பதில் வராவிட்டால் மொத்த மெயிலையும் திரும்ப அனுப்ப வேண்டாம். சான்றிதழ் ஒன்றை மட்டும் பற்றி மேனேஜருக்குப் போன் போடுங்கள், அதற்குத்தான் தேதி நெருங்குகிறது.