கழலைக் கணக்கில் யாருடைய கட்டைவிரல்?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளிடம் அயோடின் குறைபாட்டுக் கணக்கெடுப்பு நடக்கிறது. நான் 90 பேரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து 21 பேருக்குக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், என்று எழுதினேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சக ஊழியர் 90 பேரில் 3 பேர்தான் என்கிறார். "உங்க நம்பர் ரொம்ப அதிகம், கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று மேலே சொல்கிறார்கள். என்ன செய்வது? – ஒரு கிராம சுகாதார செவிலியர்

பதில்: எழுதிய படிவத்தில் கை வைக்காதீர்கள். அடித்துத் திருத்திய படிவத்தை அப்புறம் யாராலும் சரிபார்க்க முடியாது. குறைக்கச் சொல்கிறவர் நாளை அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார், கையெழுத்து உங்களுடையது.

உங்கள் கணக்கு 23 சதவீதம், அவருடையது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ கழலை இருந்தால் அந்தப் பகுதியில் அயோடின் குறைபாடு பரவியிருக்கிறது என்று கொள்வது வழக்கம். 20-ஐத் தாண்டினால் நடுத்தர அளவு. ஆக, பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒன்றில் பிரச்சினையே இல்லை, இன்னொன்றில் நன்றாகவே இருக்கிறது. இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊரை அல்ல, விரலை.

தைராய்டின் பக்க மடல் ஒவ்வொன்றையும் கட்டைவிரலின் நுனிக் கணுவோடு ஒப்பிட வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் கழலை. யாருடைய கட்டைவிரல்? அந்தப் பிள்ளையுடையது. அரை நாள் பயிற்சியில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். பரிசோதிக்கிறவர் தன் விரலை மனதில் வைத்துப் பார்த்தால் ஏழு வயதுப் பிள்ளையின் பெரிய மடலும் சின்னதாகத்தான் தெரியும். உங்கள் சக ஊழியரின் 3 அப்படி வந்திருக்கலாம். மறுபக்கம், ஒல்லியான பிள்ளையின் கழுத்தில் சாதாரண சுரப்பியே கையில் நன்றாகத் தட்டுப்படும். கைக்குத் தட்டுப்பட்டதையெல்லாம் கழலை என்று எழுதினால் 21 வரும். கோபிக்காதீர்கள், நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன்.

பிள்ளையை எதிரே நிற்க வைத்து, கழுத்து இயல்பாக இருக்கும்போது முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். அந்த நிலையிலேயே வீக்கம் தெரிந்தால் அது இரண்டாம் நிலை. பிறகு தலையை நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். அதன் பின் மூச்சுக்குழாயின் இருபுறமும், குரல்வளைக்குக் கீழிருந்து மார்பெலும்பின் மேல்விளிம்பு வரை, உங்கள் கட்டைவிரலை மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தினால் எதுவும் தெரியாது. ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு விழுங்கும்போது மேலே ஏறும், ஏறாத கட்டி வேறு ஏதோ. கையில் பெரிதாகத் தெரிந்து, இயல்பான கழுத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முதல் நிலை. இரண்டுமில்லை என்றால் பூஜ்யம். தண்ணீர் டம்ளர் இல்லாமல் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் தகராறைத் தீர்க்க ஒரு வழி. உங்கள் பள்ளியிலேயே 30 பிள்ளைகளை வரிசை எண் போட்டு, நீங்களும் அவரும் தனித்தனி அறையில் பாருங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: இருவரும் "இல்லை" என்றது 20 பேர், இருவரும் "உண்டு" என்றது 3 பேர், நீங்கள் மட்டும் "உண்டு" என்றது 6 பேர், அவர் மட்டும் சொன்னது ஒருவர். முப்பதில் 23 ஒத்துப்போகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அது ஏமாற்று. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லாததால் வந்த ஒற்றுமை அது. யாராவது ஒருவர் கழலை என்று சொன்ன 10 பேரை மட்டும் எடுங்கள். அதில் மூவரிடம்தான் ஒத்துப்போகிறீர்கள். அப்படியானால் இரண்டு பள்ளிகளின் எண்ணும் ஒப்பிடத் தகுதியற்றவை. அனுபவமுள்ள ஒருவரை வைத்து அந்த 7 பிள்ளைகளையும் மூவரும் சேர்ந்து மறுபடி பாருங்கள், கை பழகும். பிறகு இரண்டு பள்ளிகளையும் ஒருவரே மறுபடி பார்க்கட்டும். புதிய படிவம், புதிய தேதி, பார்த்தவரின் குறியீடு. பழைய படிவம் அப்படியே இருக்கட்டும். 21-ஐயும் 3-ஐயும் கூட்டிச் சராசரி போட ஒருவர் யோசனை சொல்வார், கேட்காதீர்கள்.

கணக்குப் போடும்போது முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் கூட்டி, பரிசோதித்த பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் அல்ல. வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வராதவருக்கு "வரவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மடல் பெரிதாகவே இல்லை, ஆனால் அதற்குள் ஒரு சின்ன முடிச்சு விரலில் உருளுகிறது. அளவை மட்டும் பார்க்கிறவர் பூஜ்யம் என்று எழுதிவிடுவார். கூடாது. சுரப்பி பெரிதாகாவிட்டாலும் முடிச்சு இருந்தால் அது முதல் நிலையில்தான் சேரும். குறிப்புப் பகுதியில் எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, கெட்டியா மிருதுவா என்று எழுதுங்கள். எழுதியதோடு விடாமல் அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புங்கள். கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டி கெட்டியாக இருந்தாலோ, குரல் மாறியிருந்தாலோ தாமதமே வேண்டாம். பிள்ளைகளிடம் தைராய்டு முடிச்சு அபூர்வம், ஆனால் வந்தால் பெரியவர்களின் முடிச்சைவிட அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மற்ற முதல் நிலைப் பிள்ளைகளுக்கு அந்த அவசரம் கிடையாது. வீட்டில் அயோடின் உப்பு போதும்.

இதைத்தான் ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் ஆள் பிடிக்கும் தரகர்கள் சொல்ல விடமாட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், கழலை உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து எப்படியோ வெளியே போய்விட்டது. அந்த வாரமே ஒருவர் வீடு வீடாக வந்து, "உங்க பொண்ணுக்குத் தைராய்டாம், கல்யாணத்துக்குப் பிரச்சினை வரும்" என்று சொல்லி ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் டானிக்குக்கும் பணம் வாங்கிப் போனார். பெயர்ப் பட்டியலை ஆசிரியர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சுருக்கப் படிவத்தில் வரிசை எண் போதும். பெற்றோரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.

கடைசியாக, அயோடின் அளவு பார்க்கும் சிறுநீர் மாதிரி. ஐந்தில் ஒரு பிள்ளையிடம், அதாவது 90-க்கு 18 பேரிடம் எடுத்திருப்பீர்கள். உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கிட்டை அதே மேசையில் வைத்தீர்களா? அந்தக் கிட்டின் கரைசலிலேயே அயோடின் கலந்த வேதிப்பொருள் இருக்கிறது. புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்திலும் இருக்கிறது. ஒரு துளி பட்டாலும் அந்த மாதிரி வீண். தனி மேசை, தனி ஆள், இறுக மூடிய பாட்டில். முடிவு வரும்போது தனிப் பிள்ளையின் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது வேளைக்கு வேளை மாறும். எல்லா ஊர் மாதிரிகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணைத்தான் பார்ப்பார்கள். அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குறைபாடு. நடு எண் நன்றாக இருந்து கழலை மட்டும் அதிகமாக இருந்தால், "பாருங்க, தப்பா எழுதியிருக்கீங்க" என்று மறுபடியும் உங்களிடம்தான் வருவார்கள். சிறுநீர் காட்டுவது இப்போது உண்ணும் அயோடினை. கழலை பழைய குறையின் தழும்பு, நல்ல உப்பு வந்த பிறகும் அது வற்ற மாதங்களோ வருடங்களோ ஆகும். இதையும் குறிப்பில் எழுதித் தேதி போட்டு, ஒரு நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.