மெயிலில் வரும் டெஸ்பாட்ச் ரிப்போர்ட்: பாஸ்வேர்டைக் கொடுக்காமல் டேட்டாபேஸில் ஏற்றுவது எப்படி?

*மருந்து ஸ்டாக்கிஸ்டாக இருக்கிறேன். கம்பெனி டிப்போவிலிருந்து தினமும் இரவு டெஸ்பாட்ச் ரிப்போர்ட் மெயிலில் வரும். காலையில் எங்கள் பையன் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக எங்கள் மைஎஸ்கியூஎல் டேபிளில் அடிக்கிறான். தப்பு அதிகமாகிறது. தானாக ஏற்றித் தருவதாக ஒருவர் 85,000 ரூபாய் கேட்கிறார். ஆபீஸ் ஜிமெயில் பாஸ்வேர்டும் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா? வேலை அவ்வளவு பெரியதா?*
— ஒரு வாசகர், திருச்சி

பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், இதை முதலில் முடித்துவிடுவோம்.

வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டு வெளி புரோகிராம் ஒன்று ஜிமெயிலுக்குள் நுழைவதை கூகுள் 2022 மே மாதக் கடைசியிலேயே நிறுத்திவிட்டது. ஆகவே உங்கள் வழக்கமான பாஸ்வேர்ட் அந்த நபரின் புரோகிராமுக்கு உதவவே உதவாது. அவர் அதைக் கேட்கிறார் என்றால், இந்த மாற்றம் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்கள் மெயிலைத் திறந்து பார்க்க விரும்புகிறார். இரண்டில் எது உண்மையானாலும் அவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு ஏஜென்சியில் இப்படித்தான் கொடுத்தார்கள். சம்பளத் தகராறு வந்த அன்று அந்த ஆள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். பாங்க் ஓடிபி முதற்கொண்டு வருவது அந்த மெயிலுக்குத்தான். மூன்று நாள் கடையே ஓடவில்லை.

சரியான வழி எளிது. ரிப்போர்ட்டுக்கென்றே புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். ஆபீஸ் மெயிலின் செட்டிங்ஸில் புதிய முகவரியை ஃபார்வேர்ட் முகவரியாகச் சேர்த்தால் அந்த முகவரிக்கு ஒரு உறுதிப்படுத்தும் குறியீடு வரும், அதைப் போட வேண்டும். பிறகு டிப்போவின் முகவரியிலிருந்து வரும், இணைப்பு உள்ள மெயில்கள் மட்டும் அங்கே போகும்படி ஒரு ஃபில்டர் போடுங்கள். புதிய கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துச் சாவியை உருவாக்கிக்கொள்ளுங்கள். புரோகிராமுக்கு அந்தச் சாவி போதும். ஆப் பாஸ்வேர்டும் அந்தக் கணக்கின் மெயில் முழுவதையும் திறக்கக் கூடியதுதான். அதனால்தான் தனிக் கணக்கு வேண்டும் என்கிறேன். வேலை செய்பவர் மாறினால் அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. புரோகிராம் உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும், எழுதியவரின் லேப்டாப்பில் ஓடக் கூடாது. கோட் முழுவதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். 'என் சர்வரில் ஓடும், மாதம் இவ்வளவு கொடுங்கள்' என்பவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள், கடைசியில் தங்கள் சொந்தக் கணக்கைப் பார்க்கவே காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, ரிப்போர்ட் எந்த வடிவத்தில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பிடிஎஃப் என்றால் ஒரு வரியும் எழுத வைக்காதீர்கள், முதலில் டிப்போவுக்கு போன் போடுங்கள். அவர்களுடைய பில்லிங் சாப்ட்வேரில் சிஎஸ்வியாகவோ எக்செலாகவோ எடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். 'ஹெட் ஆபீஸ் ஃபார்மேட் இதுதான்' என்று சொல்லிவிடுவார்கள். நம்பரை நம்பராகவே வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதைப் படமாக மாற்றி அனுப்புகிறது. இங்கே ஒரு பையன் உட்கார்ந்து அதை மறுபடியும் நம்பராக அடிக்கிறான். இத்தனை வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விடாமல் கேளுங்கள், மேனேஜர் வரை போய்க் கேளுங்கள். பிடிஎஃபிலிருந்து எடுக்கும் புரோகிராமைவிட இந்த ஒரு போன் அதிகம் மிச்சப்படுத்தும்.

சிஎஸ்வி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை யாரும் எக்செலில் திறந்து சேவ் செய்யக் கூடாது. மருந்துத் தொழிலில் இது பெரிய பொறி. பேட்ச் நம்பர் 00471 என்றிருந்தால் எக்செல் 471 ஆக்கிவிடும். 12E5 என்ற பேட்ச் நம்பரைப் பெரிய எண் என்று நினைத்து 1.20E+06 என்று மாற்றும். ஒரு தரம் சேவ் செய்துவிட்டால் அந்த ஃபைலிலிருந்து பழைய நம்பரைத் திரும்பப் பெற முடியாது. நாளை அந்த பேட்ச்சைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், உங்கள் டேட்டாபேஸில் அப்படி ஒரு பேட்ச்சே இருக்காது. தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. விண்டோஸில் அமெரிக்க அமைப்பு இருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தேதி நெடுவரிசையில் 12-க்கு மேற்பட்ட நாள்கள் இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒட்டி நின்றால், பாதித் தேதி ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே மெயிலில் வந்த ஃபைலை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, பைதான் அதை எல்லாமே எழுத்து என்று எண்ணிப் படிக்க வேண்டும். `pd.read_csv(f, dtype=str, keep_default_na=False)` என்று எழுதினால் போதும். படித்ததை நேராக உங்கள் முக்கிய டேபிளில் ஏற்றாமல், எல்லா நெடுவரிசையும் எழுத்தாகவே இருக்கும் ஒரு இடைக்கால டேபிளில் ஏற்றுங்கள். எந்த மெயிலிலிருந்து வந்தது என்ற எண்ணும் ஒவ்வொரு வரியோடும் இருக்கட்டும். தேதியாகவும் தொகையாகவும் மாற்றுவது அங்கிருந்து முக்கிய டேபிளுக்குப் போகும்போதுதான். ஏதாவது தப்பானால் வந்தது என்ன, நாம் மாற்றியது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது யார் வேண்டுமானாலும் செய்யக் கூடியது. 85,000 கேட்பவர் உண்மையிலேயே கை தேர்ந்தவரா என்று தெரிய அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ரிவைஸ்டு ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வீர்கள்?'

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏப்ரல் 3 இரவு 42 வரிகளோடு ரிப்போர்ட் வருகிறது, மொத்தம் 1,86,420.50 ரூபாய். மறுநாள் காலை டிப்போவில் ஒரு பில்லை கேன்சல் செய்கிறார்கள், 14,300 ரூபாய், ஒரே வரி. உடனே அதே தேதிக்கு 'ரிவைஸ்டு' என்று இன்னொரு மெயில் வருகிறது: 41 வரிகள், 1,72,120.50. புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் அன்றைய சரக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஆபத்து அடுத்த வழியில்தான் இருக்கிறது. கொஞ்சம் தெரிந்தவர்கள், பில் நம்பரும் பேட்ச் நம்பரும் சேர்ந்து ஒரு வரியை அடையாளம் காட்டும் சாவி, ஏற்கெனவே இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர் என்று எழுதுவார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும். 41 வரியும் புதுப்பிக்கப்படும். கேன்சல் ஆன 42-வது வரி? புது ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை, அதனால் அதை யாரும் தொட மாட்டார்கள். உங்கள் டேபிளில் 1,86,420.50 அப்படியே நிற்கும். கடையில் இல்லாத சரக்கு கணக்கில் இருக்கும். ஆடிட்டர் கேட்கும்வரை இது வெளியே தெரியாது.

எனவே அந்த நாளின் பழைய வரிகள் அனைத்தையும் எடுத்துவிட்டுப் புதியதை முழுதாகப் போட வேண்டும். இரண்டும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனாலும் பழையதே மிஞ்ச வேண்டும். எழுதுபவரிடம் இதைக் காட்டுங்கள்:

```sql
START TRANSACTION;
DELETE FROM dispatch WHERE report_date = '2025-04-03';
INSERT INTO dispatch
  (report_date, bill_no, item_code, batch_no, qty, amount)
SELECT STR_TO_DATE(report_date, '%d/%m/%Y'),
       bill_no, item_code, batch_no,
       REPLACE(qty, ',', ''), REPLACE(amount, ',', '')
FROM raw_lines
WHERE mail_id = 412 AND bill_no <> '';
COMMIT;
```

இதில் `bill_no <> ''` என்பது கடைசியில் இருக்கும் 'டோட்டல்' வரியைத் தவிர்ப்பதற்கு. அந்த வரியில் பில் நம்பர் இருக்காது. அதுவும் சேர்ந்து ஏறினால் முதல் ரிப்போர்ட்டின் 1,86,420.50 உங்கள் டேபிளில் 3,72,841.00 என்று நிற்கும். ஆனால் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். `COMMIT` போடும் முன் ஏறிய வரிகளின் கூட்டுத்தொகையை அதோடு ஒப்பிட வேண்டும். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் `ROLLBACK` போட்டுப் பழையதற்கே திரும்பிவிட வேண்டும். தொகை நெடுவரிசை `DECIMAL(12,2)` ஆக இருக்கட்டும், `FLOAT` வேண்டாம், பைசாக் கணக்கில் அது ஏமாற்றும். தேதியை ரிப்போர்ட்டுக்குள்ளிருந்து எடுங்கள், மெயில் வந்த தேதியை எடுக்காதீர்கள். ரிப்போர்ட் நள்ளிரவைத் தாண்டி வரும் நாள்களில் அது ஒரு நாள் தள்ளிவிடும்.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். சில டிப்போக்கள் ரிவைஸ்டு என்று அனுப்பும்போது முழு ரிப்போர்ட்டை அனுப்ப மாட்டார்கள், மாறிய இரண்டு மூன்று வரியை மட்டும் அனுப்புவார்கள். மேலே சொன்ன முறையை அதன் மேல் ஓடவிட்டால் 42 வரியும் அழிந்து மூன்று வரி மட்டும் நிற்கும். கூட்டுத்தொகையும் காப்பாற்றாது, ஏனென்றால் அந்தச் சின்ன ரிப்போர்ட்டின் டோட்டலும் அந்த மூன்று வரிக்கானதுதான், சரியாகவே பொருந்தும். அதனால் 'ரிவைஸ்டு என்றால் முழு ரிப்போர்ட்டா, மாறிய வரிகள் மட்டுமா?' என்று டிப்போவுக்கு மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்வது போதாது, அங்கே ஆள் மாறினால் பழக்கமும் மாறும். புரோகிராமிலும் ஒரு காவல் வேண்டும்: அதே தேதிக்கு ஏற்கெனவே இருக்கும் வரிகளில் பாதிக்கும் குறைவாகப் புதியது வந்தால் எதையும் அழிக்காமல் நின்று, உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பட்டும். அன்று மட்டும் பையன் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும். ஒரே தேதிக்கு இரண்டு மெயில் இருந்தால் வந்த நேர வரிசையில்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தோற்றுப்போன பழைய மெயிலைப் பிறகு மறுபடி ஓட்டினால் அது புதியதை அழித்துவிடும்.

இப்போது பணம். ஒரே டிப்போ, சிஎஸ்வி ஃபைல், ஒரு டேபிள் என்றால் தெரிந்தவருக்கு மூன்று நான்கு நாள் வேலை, சோதித்துப் பார்க்க இன்னும் ஒரு வாரம். அதற்கு 85,000 என் கணக்கில் மிக அதிகம். அந்தச் சோதனை வாரம் முழுக்க உங்கள் பையன் பழையபடி அடித்துக்கொண்டே இருக்கட்டும். தினமும் இரண்டு மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு ரிவைஸ்டு மெயிலாவது வந்து போகும் வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மெயில் வராத நாளில் புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாது, டேபிளில் அந்தத் தேதி வெறுமனே காலியாக இருக்கும். காலை 9 மணிக்கு நேற்றைய தேதிக்கு வரி இருக்கிறதா என்று அது தானே பார்த்து, இல்லாவிட்டால் உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமையையும் டிப்போ விடுமுறைகளையும் ஒரு சின்ன டேபிளில் போட்டு வைத்தால் வீண் எச்சரிக்கை வராது.