இடுப்பின் வெளிப்பக்க வலி: மூட்டிலிருந்து வருகிறதா, மூட்டுக்கு வெளியிலிருந்தா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 53. சில மாதங்களாக வலது இடுப்பின் பக்கவாட்டில் வலி, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. நடக்கும்போது சில நேரம் 'டக்'கென்று ஏதோ நகர்கிறதாம். எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை வரை போய்விடுமா?

நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் எனக்கு மூட்டைவிட மூட்டுக்கு வெளியே இருக்கும் தசைநாண் மீதுதான் சந்தேகம் போகிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழியை விளக்குகிறேன். அம்மாவை வைத்து வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

முதலில் வலி எங்கே என்று ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு நாம் நினைப்பதைவிட உள்ளே, முன்பக்கமாக இருக்கிறது. அது கெட்டால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் வரும். அங்கிருந்து தொடையின் முன்பக்கம் வழியாக முழங்கால் வரைகூட இறங்கும். மூட்டு வலிக்காரர்கள் பலர் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பைக் கவ்விப் பிடித்து, 'உள்ளுக்குள்ளே எங்கேயோ' என்பார்கள். பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படுகிற அந்த எலும்பு முண்டின் மேல் நேராக விரலை வைத்து 'இங்கேதான்' என்று காட்டினால் கதை வேறு. அந்த முண்டின் பெயர் கிரேட்டர் ட்ரோகாண்டர். பிட்டத்தின் நடுத்தசையும் சிறுதசையும் தங்கள் நாண்களை அதில்தான் கட்டியிருக்கின்றன. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பவை இந்த இரண்டு தசைகளே.

இந்த வலியை முன்பெல்லாம் ட்ரோகாண்டரிக் பர்சைட்டிஸ் என்பார்கள், அதாவது அங்கிருக்கும் நீர்ப்பையின் அழற்சி. ஸ்கேன்களில் பார்க்கப் பார்க்க, பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு அந்த நாண்களிலேயே இருப்பது தெரிந்தது. பை வீங்கியிருந்தாலும் அது பெரும்பாலும் கூடவே வருவதுதான். 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தொடையின் வெளிப்பக்கம் நெடுக ஐடி பேண்ட் என்ற தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. தொடை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பட்டை இறுகி, நாணை எலும்பு முண்டின் மேல் வைத்து நசுக்கும். கால்மேல் கால் போட்டு உட்காரும்போது இது நடக்கிறது. ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதும் நடக்கிறது. ஒருக்களித்துப் படுத்து மேல்கால் முன்னால் சரிந்து கிடக்கும்போது மேல்பக்க நாண் நசுங்குகிறது. கீழ்ப்பக்க நாணைத் தரையே அழுத்துகிறது. பாயில் படுப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

இனி மூட்டு நோயைப் பிரிக்கும் கேள்வி. 'குனிந்து ஷூ, சாக்ஸ் போட முடிகிறதா?' என்று கேட்பது வெளிநாட்டு ஆய்வுகளில் நன்றாக வேலை செய்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் அதற்குச் சிரமப்பட்டார்கள், பக்கவாட்டு நாண் வலிக்காரர்கள் பெரிதாகச் சிரமப்படவில்லை. நம் அம்மாக்களிடம் சாக்ஸைக் கேட்டுப் பயனில்லை. கால் நகம் வெட்ட முடிகிறதா, மெட்டியைக் கழற்றிப் போட முடிகிறதா, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடிகிறதா என்று கேட்பேன். வலி எவ்வளவு இருந்தாலும் இவையெல்லாம் முடிகிறது என்றால் மூட்டு இன்னும் தாராளமாகச் சுழல்கிறது என்று பொருள்.

அதைக் கையாலும் சோதிக்கலாம். அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லி, இடுப்பையும் முழங்காலையும் 90 டிகிரி மடக்கிப் பிடியுங்கள். முழங்காலை அசையாமல் வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் கொண்டு போங்கள். அப்போது இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்புகிறது. தேய்மானத்தில் பெரும்பாலும் முதலில் குறைவது இந்தத் திருப்பம்தான். மறுகாலோடு ஒப்பிடுங்கள். பாதம் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்று, தொடையிடுக்கில் வலித்தால் அது மூட்டுப் பக்கம். இரண்டு காலும் ஒரே அளவு திரும்பி, தொடையிடுக்கு அமைதியாக இருந்தால் மூட்டின் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது.

அடுத்து நாணுக்கான சோதனை. சுவரில் ஒரு விரலை மட்டும் தொட்டுக்கொண்டு, வலிக்கும் காலில் 30 வினாடி நிற்கச் சொல்லுங்கள். அதற்குள் பக்கவாட்டில் அதே பழக்கமான வலி வந்தால் அது நாணுக்கு வலுவான அடையாளம். முண்டின் மேல் அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அழுத்தியும் வலி இல்லையென்றால் நாண் வலி இருக்க வாய்ப்பு குறைவு. வலித்தால் மட்டும் அதுவே முடிவாகிவிடாது, ஏனென்றால் அந்த இடம் பலருக்குச் சாதாரணமாகவே கூச்சமாக இருக்கும்.

'டக்' சத்தத்துக்கு வருகிறேன். அதில் மூன்று வகை. மிகவும் சாதாரணமானது வெளிவகை. இடுப்பை நீட்டும்போது முண்டுக்குப் பின்னால் இருக்கும் ஐடி பேண்ட், மடக்கும்போது அதைத் தாண்டி முன்னால் துள்ளும். தோலுக்கு அடியில் ஏதோ புரள்வது கண்ணுக்கே தெரியும். சிலர் 'மூட்டு நழுவி விழுகிறது' என்று பயந்து வருவார்கள், மூட்டு எங்கும் போவதில்லை. முண்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து அதே அசைவைச் செய்யச் சொல்லுங்கள். துள்ளல் நின்றால் வெளிவகைதான்.

உள்வகையில் சத்தம் காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. இடுப்பை மடக்கும் சோவாஸ் தசையின் நாண் மூட்டின் முன்பக்கத்தில் புரள்வதால் வருவது. தொடையை மடக்கி வெளிப்பக்கம் விரித்த நிலையிலிருந்து நேராக நீட்டும்போது தொடையிடுக்கில் சத்தம் எழும். பாலே ஆடுபவர்களிடம் இது அதிகம். பரதநாட்டியத்தின் அரைமண்டியிலிருந்து நிமிர்வதும் ஏறக்குறைய அதே அசைவுதான். இந்த இரண்டு வகையிலும் வலி இல்லாவிட்டால் சிகிச்சை எதுவும் வேண்டாம்.

மூன்றாவது வகை மூட்டுக்குள்ளேயே நடப்பது. குழியின் விளிம்பு நார் கிழிந்திருக்கலாம், உடைந்த துணுக்கு ஒன்று உள்ளே அலையலாம். இதில் சத்தத்தைவிட, கால் திடீரென்று சிக்கிக்கொள்வது, தொடையிடுக்கில் சுருக்கென்று வலிப்பது, காலில் பிடிமானம் விடுவது ஆகியவைதான் முக்கியம். இதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் எல்லாம் சேர்ந்து விளங்கும். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். எக்ஸ்ரேயில் மூட்டின் ஓரத்தில் சிறிய எலும்பு முளை. ஒரு இடத்தில் 'தேய்மானம், போகப் போக ஆபரேஷன்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விரலால் காட்டச் சொன்னேன், நேராக முண்டைக் காட்டினார். மெட்டி போடுவதில் சிரமமில்லை, சம்மணமிட்டு உட்கார்ந்தார், இரண்டு இடுப்பும் ஒரே அளவு உள்பக்கம் திரும்பின. வலிக்கும் காலில் நிற்கவைத்தபோது அரை நிமிடம் முடிவதற்குள் 'இதே வலிதாங்க' என்றார். எக்ஸ்ரே முளை உண்மைதான். ஆனால் அந்த வயதில் பலருக்கு வலியே இல்லாமல் அப்படி இருக்கும். அவருடைய வலிக்கு அது காரணமில்லை.

வலியைக் கூட்டிக்கொண்டிருந்தவை வேறு. அடுப்படியில் எப்போதும் ஒரு காலில் சாய்ந்து நிற்பார். பேரனை அதே இடுப்பில் தூக்குவார். வீடியோ ஒன்றைப் பார்த்து, காலை உடலுக்குக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்துவந்தார். இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. நசுங்கி நொந்த நாணை மறுபடி மறுபடி நசுக்கும் பயிற்சி அது. உங்கள் அம்மாவும் செய்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அவரிடம் முதலில் மாற்றச் சொன்னது இவற்றைத்தான்: இரண்டு காலிலும் சமமாக நிற்பது, மெத்தை விரித்து மல்லாந்தோ நல்ல பக்கம் ஒருக்களித்தோ படுப்பது, ஒருக்களித்தால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இடையில் தலையணை வைப்பது. பயிற்சியை அசைவில்லாத இறுக்கத்தில் தொடங்கினோம். மல்லாந்து படுத்து, முழங்கால்களைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதை மெல்ல வெளிப்பக்கம் தள்ளிப் பிடிப்பது. பிறகு பிட்டத்தைத் தூக்கும் பயிற்சி, நாற்காலியிலிருந்து மெதுவாக எழுவது, பக்கவாட்டில் அடியெடுத்து நடப்பது. பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம். அன்றிரவு தூக்கம் கெட்டால் அளவு கூடிவிட்டது என்று கணக்கு. அவருக்கு முதலில் திரும்பியது தூக்கம், படியேறும் வலி கடைசியாகத்தான் போனது.

ஊசி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2018-ல் ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 8 வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்களில் 77 சதவீதம், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58 சதவீதம், சிகிச்சையின்றி வெறுமனே காத்திருந்தவர்களில் 29 சதவீதம். ஒரு வருடத்தில் ஊசிக்காரர்களும் காத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள், பயிற்சிக் குழு முன்னாலேயே இருந்தது. அதனால் இரவில் தூங்கவே முடியாதவருக்கு ஊசி ஒரு இடைக்கால உதவி என்பதே என் கருத்து. முதல் மருந்தாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூட்டுத் தேய்மானம், நாண் வலி இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தேய்ந்த மூட்டைக் காப்பாற்ற விந்தி நடந்து நாண் நோவது உண்டு. அப்படிக் குழம்பினால் மருத்துவர் மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பார். வலி சில மணி நேரம் மறைந்தால் அது மூட்டிலிருந்து வந்தது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப்போனால் முதுகு நரம்பைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிந்து, காலைப் பக்கவாட்டில் தூக்கவே முடியவில்லை என்றால் நாண் கிழிந்திருக்கலாம், அதற்கு ஸ்கேன் தேவை.

தாமதிக்கக் கூடாதவை சில உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை நிறைய எடுத்தவர், மதுப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்குத் தொடையிடுக்கில் வலி வந்தால் பந்துமூட்டின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்ஆர்ஐதான் காட்டும். காய்ச்சல், எடை குறைதல், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை, ஓய்விலும் அடங்காத இரவு வலி இருந்தால் பயிற்சியை யோசிக்கவே வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அம்மாவுக்கு இவை எதுவும் இல்லாமல், உள்திருப்பமும் சரியாக இருந்தால், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு அடுத்ததைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.