கண்டென்சிங் பாய்லர்: ரிட்டர்ன் சூட்டைப் பாருங்கள்

> "புது கண்டென்சிங் பாய்லர், வெளியே சென்சாரும் உண்டு. கேஸ் பில் மட்டும் குறையவே இல்லை. ஃப்ளோ 75, ரிட்டர்ன் 62 காட்டுகிறது."

கோளாறு அந்த 62-ல்தான், அதாவது ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு பாய்லருக்குத் திரும்பும் நீரின் சூட்டில்தான் இருக்கிறது, நண்பரே. புகையைக் குளிர்விப்பது அந்த நீர்தான். இயற்கை எரிவாயுப் புகையிலுள்ள நீராவி சுமார் 55 டிகிரிக்குக் கீழேதான் நீராகும். அப்போதுதான் அதன் வெப்பம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பாய்லர் ஓடும்போது, அப்படி உண்டாகும் நீர் வெளியேறும் கண்டென்சேட் குழாயைப் பாருங்கள், அநேகமாகச் சொட்டவே சொட்டாது.

சென்சார் இருந்தும் ஃப்ளோ 75 என்றால், வெளிக் குளிருக்கேற்ப பாய்லரிலிருந்து கிளம்பும் நீரின் சூட்டைத் தீர்மானிக்கும் ஹீட்டிங் கர்வ் மிகச் செங்குத்தாக இருக்கிறது. ரேடியேட்டர் வால்வுகளை நன்றாகத் திறந்துவிட்டு, கர்வை ஒரு படி இறக்கி, ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். வீடு சூடாகவே இருந்தால் இன்னொரு படி. குளிர ஆரம்பித்ததும் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். என் வீட்டில் வெளியே 5 டிகிரி இருக்கும்போது ஃப்ளோ 45, ரிட்டர்ன் 37. குழாய் விடாமல் சொட்டுகிறது. சென்சார் வெயில் படும் சுவரில் இருந்தால் முதலில் வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள். வெந்நீர்த் தொட்டியின் 60 டிகிரியை மட்டும் குறைக்காதீர்கள், லெஜியனெல்லா கிருமி வளரும்.