ஐந்து நாள் சஸ்பென்ஷன், கூடவே ஓர் உறுதிமொழிக் கடிதம்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் (வயது 12) பள்ளி பஸ்ஸில் ஒரு பையனைத் தள்ளியதில் அவனுக்குப் பல் உடைந்துவிட்டது. 'கடும் ஒழுங்கீனம்' என்று ஐந்து நாள் சஸ்பெண்ட் செய்து கடிதம் வந்திருக்கிறது. திரும்பச் சேர்க்க, குற்றத்தை ஒப்புக்கொண்டு, இன்னொரு முறை நடந்தால் நாங்களே டி.சி. வாங்கிக்கொள்வதாக எழுதித் தரவேண்டுமாம். கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: சஸ்பென்ஷனுக்காகக் கோர்ட் வேண்டாம். பல் உடைந்த விவகாரத்தில் ஐந்து நாள் அதிகம் என்று வாதாடுவது கஷ்டம். மனு விசாரணைக்கு வருவதற்குள் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். பார்க்க வேண்டியது அந்த உறுதிமொழியை.

அதற்கு முன், கடிதத்தில் என்றைக்கு நடந்தது, யார் பார்த்தார்கள், உங்கள் பையன் தன் தரப்பில் என்ன சொன்னான் என்பதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'கடும் ஒழுங்கீனம்' மட்டும் இருந்தால், முதல்வருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டு விவரம் கேளுங்கள். அந்த நாட்களில் யூனிட் டெஸ்ட் வந்தால் மறுபடி வைப்பார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

கவுன்சலிங், பஸ்ஸில் முன் சீட் மாதிரியான நிபந்தனைகளுக்கு மறுப்புச் சொல்லாதீர்கள். டி.சி. வரியை மட்டும் ஏற்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-ன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 2019 திருத்தம் ஃபெயிலாக்க வழிவிட்டது. இந்தத் தடையைத் தொடவில்லை. தானாகச் செய்ய முடியாததைப் பள்ளி உங்கள் கையெழுத்தை வைத்துச் செய்யப் பார்க்கிறது.

ஒரு விலக்கு உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமதி தீர்ப்பு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டத்திலிருந்து விடுவித்தது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் அதில் அடக்கம் என்பதால், உங்கள் பள்ளியின் தகுதியை விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பள்ளியானாலும், விளக்கம் தர வாய்ப்பே கொடுக்காமல் பையனை அனுப்பிவிடுவது எடுபடாது.

ஒப்புதல் வரியும் ஆபத்துதான். அந்தப் பையனின் பெற்றோர் நாளை போலீசுக்குப் போனால், அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள்: "நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறோம். பள்ளி ஒழுங்கு விதிகளை மகன் பின்பற்றுவான்; கவுன்சலிங்குக்கு அழைத்து வருவோம். எதிர்கால நடவடிக்கை எதுவானாலும் எங்கள் விளக்கத்தைக் கேட்டு, சட்டப்படி எடுக்கப்படட்டும்." நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். (கடிதம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதிப் புகார்கள் அதோடு நின்றுவிடும்.)

ஆறாம் நாள் "கையெழுத்து இல்லாமல் உள்ளே விடமாட்டோம்" என்று கேட்டில் நிறுத்தினால், கதையே வேறு. அது சஸ்பென்ஷன் அல்ல, பெயர் சொல்லாத வெளியேற்றம். அங்கேயே நின்று, நேரத்தைக் குறிப்பிட்டு முதல்வருக்கு மெயில் அனுப்புங்கள். பிறகு அன்றைக்கே உங்கள் மண்டலத்தின் கல்வித் துணை இயக்குநருக்கு எழுத்துப்பூர்வமான புகார் கொடுங்கள். சஸ்பென்ஷன் கடிதம், உங்கள் உறுதிமொழி, மெயில் மூன்றையும் இணையுங்கள். அப்படியும் சேர்க்கவில்லை என்றால் அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.